எந்தக் குழாயில் வெந்நீர் விடலாம்?

குழாய்க் கடையில் வீடு கட்டுகிறவர்கள் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்பது, "இது எத்தனை கிலோ பிரஷர் தாங்கும்?" என்பதுதான். கடைக்காரரும் ஒரு பெரிய எண்ணைச் சொல்வார். அது பொய்யாகவும் இருக்காது. ஆனால் நம் வீடுகளில் அந்த எண்ணுக்கு வேலை குறைவு. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் தானாக இறங்கும்போது, 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம்தான் கிடைக்கும். இரண்டு தளங்கள் உள்ள வீட்டில் கீழ்த்தளக் குளியலறைக் குழாய்க்கு அந்த ஒரு கிலோகூட முழுதாக வராது. பிரஷர் பம்ப் வைத்தாலும் இரண்டு, மூன்று கிலோவோடு நிற்கும். கெட்டியான ரக சிபிவிசி குழாய், சாதாரண வெப்பநிலையில் 28 கிலோ தாங்கும் என்று தரப்படுத்தப்பட்டது.

அப்படியானால் புது வீட்டின் டைல்ஸ் இடுக்கில் ஒரே வருடத்தில் ஈரம் எப்படிக் கசிகிறது? சூடு, நீளம், இணைப்பு, வெயில் ஆகிய நான்கும்தான் பெரும்பாலும் காரணம். குழாயைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த நான்கையும் பார்த்துவிட்டால் கிலோக் கணக்கு அநேகமாகத் தானே சரியாகிவிடும்.

யூபிவிசி, சிபிவிசி இரண்டும் ஒரே குடும்பம். பிவிசியை மென்மையாக்கும் பொருள் எதுவும் கலக்காமல் கெட்டியாகவே வார்த்தால் யூபிவிசி. அதே பிவிசியில் கூடுதலாகக் குளோரின் ஏற்றினால் சிபிவிசி. பிவிசியில் எடைக்கணக்கில் 57 சதவீதம் அளவுக்குக் குளோரின் இருக்கும். சிபிவிசியில் அது 63 முதல் 69 சதவீதம் வரை போகும். இந்தச் சின்ன ஏற்றம் பெரிய வேலை செய்கிறது. யூபிவிசி 80 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும். சிபிவிசி 100 டிகிரி தாண்டித்தான் அந்த நிலைக்கு வரும். ஆனால் இளகும் வரை பலம் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடக்கூடாது. 60 டிகிரியில் யூபிவிசி குழாயின் தாங்குதிறன் கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. விவசாயத்துக்கும் குடிநீருக்கும் வரும் யூபிவிசி குழாய்களுக்கான இந்தியத் தரம் (ஐ.எஸ். 4985) 45 டிகிரியோடு எல்லை போடுகிறது. சிபிவிசிக்கான தரம் (ஐ.எஸ். 15778) 82 டிகிரி வரை அனுமதிக்கிறது. அந்தச் சூட்டிலும் கெட்டி ரகக் குழாய் 7 கிலோ தாங்கும்.

பிபிஆர் வேறு குலம். அது பாலிபுரொப்பிலீன்; குளோரின் கிடையாது, பசையும் ஒட்டாது. பச்சையாகவோ வெள்ளையாகவோ, கையில் எடுத்தால் சுவர் தடிமனாக இருக்கும். 70 டிகிரி வெந்நீரை நீண்ட காலம் தாங்கும், எப்போதாவது 95 வரை போனாலும் பொறுத்துக்கொள்ளும். அதன் பெரிய நன்மை இணைப்பில் இருக்கிறது. குழாயையும் இணைப்பானையும் சூடாக்கி உருக்கிச் சேர்க்கும்போது இரண்டும் ஒரே பொருளாகிவிடும். பெரிய தொல்லையும் அங்கேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சேலம் பக்கம் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழும் மேலுமாக இரண்டு தளங்கள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் கண்ணாடிக் குழல்கள் வைத்த சோலார் வாட்டர் ஹீட்டர். மழைக்காலத்துக்காக ஒவ்வொரு குளியலறையிலும் ஒரு கீசர்.

தொட்டியிலிருந்து வெளிச்சுவர் வழியாக இறங்கும் பச்சைத் தண்ணீர்க் குழாய்க்கு யூபிவிசி போதும். இங்கே சிபிவிசி போடுவது வீண் செலவு, பிபிஆர் போடுவது அதைவிட வீண். ஆனால் வாங்குகிற குழாயில் ஈயம் இல்லை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிவிசி வார்க்கும்போது சூட்டில் சிதையாமலிருக்க ஈயச் சேர்மங்களைச் சேர்க்கும் வழக்கம் நெடுநாளாக இருந்தது. அதைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021இல் தனி விதிகளையே கொண்டுவர வேண்டியிருந்தது.

யூபிவிசியை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. "பச்சைத் தண்ணீர் லைன்தானே" என்று குளியலறைச் சுவருக்குள்ளும் அதையே கொண்டுபோய், கீசருக்குள் தண்ணீர் நுழையும் முனை வரை விட்டுவிடுகிறார்கள். கீசரில் தண்ணீர் சூடாகும்போது விரியும். உள்ளே வரும் வழியில் நான் ரிட்டர்ன் வால்வு இல்லையென்றாலோ, இருந்தும் அதில் துரு அடைத்திருந்தாலோ, அந்த வெந்நீர் வந்த வழியே பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போகும். இன்னொரு வழியும் உண்டு. மிக்ஸரின் இரண்டு பக்கமும் திறந்திருந்து, அதில் மாட்டிய ஷவர் கைப்பிடியை மட்டும் விரலால் மூடிவைத்தால், அழுத்தம் அதிகமுள்ள பக்கத்துத் தண்ணீர் மற்றப் பக்கத்துக்குள் மெல்ல நுழையும். சோலார் லைனின் வெந்நீர் இப்படிப் பச்சைத் தண்ணீர்க் குழாய்க்குள் போனது வெளியே யாருக்கும் தெரியாது. ஆகவே குளியலறைச் சுவருக்குள் போகிற குழாய் சூடோ குளிரோ, இரண்டையும் சிபிவிசியில் போட்டுவிடுங்கள். கூடுதலாகச் செலவாவது சில அடிகளுக்குத்தான். சுவரை உடைத்துத் திரும்ப டைல்ஸ் ஒட்டும் செலவோடு பார்த்தால் அது கணக்கிலேயே வராது.

யூபிவிசியும் சிபிவிசியும் சேருமிடத்தில் இன்னொரு சிக்கல். கடையில் இரண்டையும் 'முக்கால் இஞ்சு' என்றே சொன்னாலும் வெளிவிட்டம் ஒன்றல்ல. சிபிவிசி முக்கால் இஞ்சுக் குழாயின் வெளிவிட்டம் 22 மி.மீ.; வெள்ளை யூபிவிசியில் அது 27 மி.மீ.க்கு ஒட்டி வரும். ஒன்று மற்றொன்றின் இணைப்பானுக்குள் பொருந்தாது. அவசரத்தில் குழாய் முனையைத் தீயில் காட்டி விரித்துச் செருகும் பழக்கம் சில பிளம்பர்களிடம் இன்னும் இருக்கிறது. விரித்த இடத்தில் குழாயின் சுவர் மெலிந்துவிடும். சூட்டில் அது பழைய அளவுக்குச் சுருங்கவும் பார்க்கும். பித்தளை மரை வைத்த இணைப்பான்களைக் கொண்டு சேர்ப்பதே சரி.

பிபிஆரில் பெயர்க் குழப்பம் வேறு மாதிரி. அங்கே சொல்லும் எண் வெளிவிட்டம். 20 மி.மீ. பிபிஆரை வாங்கி முக்கால் இஞ்சு என்று நினைத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். தடித்த ரகத்தில் அதன் உள்துளை 13 மி.மீ. சொச்சம்தான், அதாவது அரை இஞ்சு சிபிவிசிக்குச் சமம். முக்கால் இஞ்சு சிபிவிசியின் உள்துளை 18 மி.மீ. அதற்கு ஈடாக 25 மி.மீ. பிபிஆராவது வேண்டும். அதிலும் தடித்த ரகத்தை எடுத்தால் துளை 17 மி.மீ.க்கும் சற்றுக் கீழே இருக்கும். தொட்டித் தண்ணீர் தானாக இறங்கும் வீட்டில் ஷவர் சொட்டுகிறதென்றால், பல நேரம் காரணம் இந்தப் பெயர்க் குழப்பம்தான்.

பெரிய குழாயாகப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்றும் வெந்நீர் லைனில் சொல்ல முடியாது. நம் சேலம் வீட்டில் சோலாரிலிருந்து கீழ்த்தளக் குளியலறை வரை 12 மீட்டர் குழாய் என்று வையுங்கள். முக்கால் இஞ்சு சிபிவிசியில் அந்த நீளத்துக்குள் நிற்கும் தண்ணீர் சுமார் 3 லிட்டர். ஒரு இஞ்சு போட்டால் 5 லிட்டருக்கு மேல். காலையில் வெந்நீர் வருவதற்கு முன் அவ்வளவும் சாக்கடைக்குப் போகும்.

இனி நீளம். பிளாஸ்டிக் குழாய் சூட்டில் நீளும் என்பது எல்லோருக்கும் தெரியும், எவ்வளவு என்பதுதான் தெரிவதில்லை. இந்த 12 மீட்டரில் பாதி மொட்டை மாடியில் கிடைமட்டமாகவும், பாதி வெளிச்சுவரில் செங்குத்தாகவும் போகிறது. விடிகாலை 25 டிகிரியில் இருந்த குழாய்க்குள் 65 டிகிரி வெந்நீர் பாய்கிறது. வித்தியாசம் 40 டிகிரி. சிபிவிசி ஆறு மீட்டருக்கு ஒன்றரை செ.மீ. நீளும். சாதா பிபிஆர் அதே நீளத்துக்கு மூன்றரை செ.மீ. நீளும். நடுவில் கண்ணாடி இழை அடுக்கு வைத்த பிபிஆர் குழாய் அதில் மூன்றில் ஒரு பங்குதான் நீளும். ஆகவே வெளியில் வெந்நீருக்குப் பிபிஆர் போடுவதானால் அந்த ரகத்தையே கேட்டு வாங்குங்கள்.

நீள்கிற குழாய்க்குப் போக இடம் வேண்டும். மாடிக் குழாய் திரும்பிச் சுவரில் இறங்கும் எல்போ இருக்கிறதே, அதுதான் அந்த இடம். குழாய் நீளும்போது எல்போ கொஞ்சம் வெளியே நகரும், இறங்கு குழாயின் மேற்பகுதி வில்லாக வளைந்து கொடுக்கும், குளிர்ந்ததும் பழைய இடத்துக்கு வரும். அழகுக்காக எல்போவை ஒட்டியே கிளாம்பை அடித்து இறுக்கிவிட்டால் வளைய வழியில்லை. தினமும் அந்த விசை முழுதும் எல்போவின் ஒட்டில் விழும். இந்த வீட்டுக் கணக்குப்படி சிபிவிசியில் எல்போவிலிருந்து ஒன்றரை அடி, சாதா பிபிஆரில் இரண்டடி தள்ளித்தான் முதல் கிளாம்ப் வரவேண்டும். மற்றக் கிளாம்புகள் மூன்றடிக்கு ஒன்றாக வந்தால் போதும். அவையும் குழாயைப் பிடிக்கக்கூடாது, தாங்க மட்டும் வேண்டும். கிளாம்புக்குள் குழாயைக் கையால் நகர்த்த முடிந்தால் சரியாக அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சுவரைத் துளைத்துப் போகிற இடத்தில் ஒரு பெரிய குழாய்த் துண்டை உறையாகப் பதித்து அதற்குள் விடுங்கள். சிமெண்டால் இறுக்கிப் பூசினால் அதுவும் ஒரு கிளாம்ப்தான்.

சோலார் தொட்டியின் வாயிலில் மட்டும் பிளாஸ்டிக் எதையும் நான் நம்பமாட்டேன். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு பத்து நாள் ஊருக்குப் போய்விட்டால், யாரும் எடுக்காத தண்ணீர் நாளுக்கு நாள் சூடேறிக் கொதிநிலையை நெருங்கும். 82 டிகிரி எல்லையெல்லாம் அப்போது காணாமல் போகும். தொட்டியிலிருந்து முதல் ஓரிரு மீட்டரை ஜி.ஐ. குழாயிலோ செம்பிலோ போட்டு, அதன் பிறகு சிபிவிசிக்கு மாறுங்கள். கீசர் வாயிலிலும் இதே நியாயம்தான். குறைந்தது அரையடி உலோகம் இருக்கட்டும். தெர்மோஸ்டாட் பழுதாகும் நாளில் அந்த அரையடி உதவும்.

இணைப்புக்கு வருவோம். சிபிவிசியை ஒட்டும் பசையைச் 'சொல்யூஷன்' என்கிறார்கள். அது கோந்து மாதிரி நடுவில் நின்று பிடிப்பதில்லை. இரு பரப்புகளையும் கொஞ்சம் கரைத்து, கரைந்தவை ஒன்றோடொன்று கலந்து இறுக வைக்கிறது. யூபிவிசிக்கான சொல்யூஷன் சிபிவிசியைச் சரியாகக் கரைக்காது. வேலை நடக்கும் இடத்தில் இரண்டு டப்பாவும் கிடக்கும், கைக்கு எட்டியதை எடுத்துப் பூசிவிடுவார்கள். தொட்டித் தண்ணீரின் அழுத்தத்தில் அந்த ஒட்டு முதலில் ஒழுகாது. சில மாதம் வெந்நீர் போய் வந்த பிறகு ஒழுகும். ஆகவே டப்பாவில் சிபிவிசி என்று இருக்கிறதா என்பதை வீட்டுக்காரரே பார்க்கலாம். மூடி திறந்து கிடந்து ஜெல்லியாகிவிட்ட சொல்யூஷனைத் தூக்கியெறிவதைத் தவிர வேறு வழியில்லை. தின்னர் ஊற்றி இளக்கியது ஒட்டாது.

நல்ல பிளம்பர் என்ன செய்வார் என்றால், குழாயை நேராக வெட்டி, பிசிறைச் சுரண்டி, சொல்யூஷன் இல்லாமல் ஒருமுறை செருகிப் பார்ப்பார். குழாய் இணைப்பானுக்குள் பாதியளவு போய் இறுகி நிற்க வேண்டும். லொடலொடவென்று கடைசி வரை போனால் அந்த இணைப்பானை ஒதுக்கிவிடுவார். பிறகு குழாயின் மேல் தாராளமாகவும் இணைப்பானுக்குள் மெல்லிதாகவும் பூசி, கால் சுற்றுத் திருகியபடி முழுதாகச் செருகி, அரை நிமிடம் பிடித்துக்கொண்டே நிற்பார். அந்தப் பிடிப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இணைப்பானின் உட்புறம் லேசாகக் குறுகிக்கொண்டே போவதால், ஈரமாக இருக்கும்போது குழாயை அது வெளியே தள்ளும். கையை எடுத்தால் சில மில்லிமீட்டர் பின்வாங்கியது கண்ணுக்கே தெரியாது. இணைப்பானுக்குள் அள்ளிப் பூசுவதும் தவறு. மிஞ்சிய சொல்யூஷன் உள்ளே குட்டையாகத் தேங்கி, குழாயின் சுவரையே ஊறவைத்து மெலியச் செய்யும். ஒட்டிய பிறகு எவ்வளவு நேரம் காயவேண்டும் என்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள். இடம் இருந்தால் மறுநாள் வரை தண்ணீர் விடாமல் இருப்பது நல்லது.

சிபிவிசிக்கு இன்னொரு எதிரி எண்ணெய். பழைய ஜி.ஐ. வழக்கப்படி மரையில் சணலைச் சுற்றி எண்ணெய்ப் பெயிண்ட் தடவினால், அந்த எண்ணெய் பிளாஸ்டிக்குக்குள் ஊறி, ஏற்கெனவே விசை விழுந்திருக்கும் இடங்களில் நூலிழை விரிசல்களை உண்டாக்கும். டெஃப்லான் டேப் மட்டும் போதும். எண்ணெயில் கரைத்த கரையான் மருந்தும், குழாயோடு சேர்த்துக் கட்டிவைத்த மின்கம்பியின் மென்மையான உறையும் இதே வேலையைச் செய்யும். மின்கம்பிக்கும் குழாய்க்கும் தனித்தனிக் காடி வெட்டச் சொல்லுங்கள்.

பிபிஆரில் பசைப் பிரச்சினை இல்லை, மின்சாரப் பிரச்சினை உண்டு. உருக்கும் இயந்திரம் 260 டிகிரிக்கு வரவேண்டும். 20 மி.மீ. குழாயை அதில் 5 விநாடி, 25 மி.மீ. குழாயை 7 விநாடி வைத்து, எடுத்த 4 விநாடிக்குள் திருகாமல் நேராகச் செருக வேண்டும். கட்டட வேலைக்கு இழுத்த நீளமான ஒயரில் மின்னழுத்தம் குறைந்திருந்தால் இயந்திரம் அந்தச் சூட்டைப் பிடித்து நிற்காது. மேலே பார்க்க ஒட்டினதுபோலவே இருக்கும், உள்ளே ஒன்றாகியிருக்காது. எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதல் நேரம் வைத்தால் உருகியது உட்பக்கம் வழிந்து, 13 மி.மீ. துளையை இன்னும் அடைக்கும். வேலை தொடங்கும்போது ஒரு துண்டை ஒட்டச் சொல்லி, ஆறியதும் நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். எல்லைக்கோடே தெரியாமல் ஒரே பொருளாக இருந்தால், அந்த ஆளிடம் வீட்டை ஒப்படைக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும், தமிழ்நாட்டில் தனி வீடு கட்டுகிற ஒருவருக்குப் பிபிஆரை நான் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். பத்து வருடம் கழித்து டைல்ஸ் பதிக்கிறவர் துளைப்பான் வைத்துக் குழாயில் ஓட்டை போட்டுவிட்டால், அதே இயந்திரத்தோடு ஒருவர் வரவேண்டும். குழாயில் சொட்டு ஈரம் இருந்தாலும் உருக்கி ஒட்ட முடியாது. செருகுவதற்குக் குழாயை நீளவாக்கில் பின்னே இழுக்கவும் வேண்டும். சுவருக்குள் பதித்த குழாய் நகராது, ஆகவே பெரிதாக உடைக்க நேரும். சிபிவிசி பழுதுபார்க்கத் தெரிந்தவர் பக்கத்துத் தெருவிலேயே கிடைப்பார். ஓட்டல், விடுதி, மருத்துவமனை மாதிரி நாள் முழுதும் வெந்நீர் ஓடும், பராமரிப்புக்கு ஆள் வைத்திருக்கும் இடங்களில் பிபிஆர் தன் விலைக்கு உழைக்கும்.

வெயிலைப் பொறுத்தவரை மூன்றுமே நம்பத்தக்கவை அல்ல. பிபிஆர்தான் மோசம், காப்பு அடுக்கு இல்லாத குழாய் மொட்டை மாடியில் சில வருடத்திலேயே மேலே மாவு பூத்து நொறுங்கத் தொடங்கும். சிபிவிசி நிறம் மங்கி, தட்டினால் உடையும் தன்மைக்கு வரும். வெந்நீர் லைனுக்கு மேலே வெப்பக் காப்பு உறை போட்டு, அதன் மேல் வெயில் தாங்கும் சுற்று போடுவது ஒரே செலவில் இரண்டு வேலை. மற்றக் குழாய்களுக்குத் தண்ணீரில் கரையும் வெளிச்சுவர்ப் பெயிண்ட் இரண்டு கோட் போதும். எண்ணெய்ப் பெயிண்ட் சிபிவிசியில் ஏன் ஆகாது என்பதைச் சொல்லியாகிவிட்டது.

ஒழுகும் குழாயை வெட்டி எடுத்தால், அந்தத் துண்டே பெரும்பாலும் காரணத்தைக் காட்டும். குழாய் முனை வழுவழுப்பாக இணைப்பானிலிருந்து கழன்றிருந்தால் சொல்யூஷன் தவறு. ஒட்டுக்குப் பக்கத்தில் மயிரிழைகளாகப் பல விரிசல்கள் என்றால் எண்ணெய் பட்டிருக்கிறது. ஓரிடத்தில் வயிறு உப்பியிருந்தால் தாங்காத சூடு போயிருக்கிறது. அங்கே யூபிவிசி இருந்தால் ஆச்சரியமில்லை. எல்போவின் வளைவிலேயே ஒரே ஒரு நீண்ட பிளவு என்றால் கிளாம்புகளைப் போய்ப் பாருங்கள்.

இதெல்லாம் தெரிய வருவதற்கு முன், பூச்சு வேலைக்கும் முந்தைய நாள், கைப் பம்ப்பால் லைனைச் சோதிக்க வேண்டும். குழாய்க்குள் இருக்கும் காற்றை மேல் முனையில் திறந்து முழுதாக வெளியேற்றி, தண்ணீரால் 10 கிலோ வரை ஏற்றி, ஒரு மணி நேரம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். கம்ப்ரஸர் வைத்துக் காற்றால் சோதிக்க யாரையும் விடாதீர்கள். தண்ணீர் அடைத்த குழாய் பிளந்தால் பீய்ச்சும், காற்று அடைத்த குழாய் வெடித்துச் சில்லாகத் தெறிக்கும். வெந்நீர் லைனையும் பச்சைத் தண்ணீர் லைனையும் தனித்தனியாகச் சோதித்தால், இரண்டும் எங்காவது தவறிச் சேர்ந்திருப்பதும் அப்போதே தெரிந்துவிடும். முள் நின்றதும், சுவரில் ஒரு டேப்பை விரித்துப் பிடித்து ஒவ்வொரு குளியலறைச் சுவரையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு மேஸ்திரியைக் காடியைப் பூசச் சொல்லுங்கள்.